கணக்கு வாத்தியார் கேட்டால் சால்வை

இருபது வருடத்தில் என்னுடைய பீரியடைத் திருடாத கணக்கு வாத்தியாரை நான் பார்த்ததே இல்லை. பிள்ளைகள் பந்தும் கையுமாக மைதானத்துக்கு ஓடி வரும்போதுதான் பின்னாலேயே வந்து நிற்பார்கள். "பி.டி. சார், இன்னைக்கு ஒரு நாள் மட்டும் விட்டுக் குடுங்க, போர்ஷன் முடியல." அந்த ஒரு நாள் வருடம் முழுக்க வரும். நான் உடற்கல்வி ஆசிரியர், பெயர் சீனிச்சாமி. கோபம் எனக்குச் சீக்கிரம் வரும்; கழுத்தில் விசில் தொங்குவதால் அது ஊருக்கே கேட்கும். இந்தக் கணக்கு வாத்திமாரெல்லாம் ஒரு நாள் ஒட்டுமொத்தமாகத் தொலைய வேண்டும் என்று மனதார வேண்டியிருக்கிறேன். போன வருடம் அது பலித்துவிட்டது. பலித்தபோது எங்கள் தலைமையாசிரியை உமாதேவி பட்ட பாட்டைத்தான் இங்கே சொல்கிறேன்.

எங்கள் பள்ளி மார்க்கையன்கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் மறுநாளே எனக்கு மெமோ வரும். ஒரு பக்கம் வாழை, ஒரு பக்கம் நெல், நடுவில் நாங்கள். ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை அரசு உயர்நிலைப் பள்ளி. பாடத்துக்கு ஒரு ஆசிரியர்தான். ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் அந்தப் பாடத்துக்கே காய்ச்சல். பியூன் கிடையாது, ஆகையால் மணியையும் ஹெச்.எம். அம்மாவே அடிப்பார்.

உமாதேவி ஆண்டிபட்டிக்காரர். தறி ஓடுகிற வீட்டில் மூத்த பெண். தம்பி தங்கைகளுக்குத் தலை வாரி, பாவு சுற்றி, அதற்கு மேல் விலங்கியல் படித்து, ஆசிரியர் ஆனவர். அவர் வாயில் 'முடியாது' என்ற சொல் வந்து யாரும் கேட்டதில்லை. கேட்டதெல்லாம் 'நா பாத்துக்கிறேன்' மட்டும்தான். அவருடைய கல்யாணத்தன்றே பந்தி பரிமாற வந்தவர்கள் பாதியில் கோபித்துக்கொண்டு போய்விட்டார்களாம். மாப்பிள்ளை விஜயகுமார் மணையில் திரும்பிப் பார்த்தால் பெண்ணைக் காணோம். மாலையைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டுக்கொண்டு சாம்பார் வாளியோடு பந்தியில் நின்றிருக்கிறார். "எனக்கும் அன்னைக்கு இவதான் சார் சோறு போட்டா" என்று அந்த மனிதர் இன்றைக்கும் சொல்லுவார். பெருமையாகச் சொல்கிறாரா, புலம்புகிறாரா என்று எனக்குப் புரிந்ததில்லை.

போன வருடம் தீபாவளி முடிந்த கையோடு அறிவியல் ஆசிரியை ஷர்மின் பிரசவ விடுப்பில் போனார். நல்ல விஷயம், நாங்கள் எல்லோரும் பிரியாணி சாப்பிட்டோம். பிரசவ விடுப்பு ஒரு வருடம். ஆனால் விடுப்பில் போனவரின் இடம் காலிப் பணியிடம் ஆகாது. ஆள் இல்லை, இடமும் காலி இல்லை. இது எங்கள் துறையின் வேதாந்தம்.

"நா விலங்கியல்தான. அறிவியல நா பாத்துக்கிறேன்" என்றார் உமாதேவி.

அந்த வாரம் முடியுமுன் கணக்கு வாத்தியார் திலீபனுக்குப் பதவி உயர்வு வந்தது. முதுகலை ஆசிரியராகி மேல்நிலைப் பள்ளிக்குப் போகிறார். கலந்தாய்வில் இடம் எடுத்ததும் உடனே விடுவிக்க வேண்டும் என்று உத்தரவு. மனிதர் என்னிடம் வந்து, "பி.டி. சார், ஒங்க பீரியட நெறைய எடுத்திருக்கேன், மனசுல வச்சுக்காதீக" என்று கையைப் பிடித்துக்கொண்டார். என் கண்ணே கலங்கிவிட்டது. பள்ளிக்கூடத்தில் பாதிப் பாடத்துக்கு ஆள் இல்லாமல் போனதை அப்போது யாரும் யோசிக்கவில்லை.

இடம் நிரம்ப அடுத்த கலந்தாய்வு வரவேண்டும். அது அடுத்த கல்வியாண்டில்தான். பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிக ஆசிரியர் போடலாம், அதற்கும் மேலிருந்து அனுமதி வரவேண்டும். ஹெச்.எம். எழுதிப் போட்டார். வரும் வரைக்கும் என்ன செய்வது?

"கணக்கையும் நா பாத்துக்கிறேன்."

"மேடம், நீங்க கணக்கு படிச்சது எப்ப?" என்றேன்.

"பத்தாப்புல."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் அதுவும் என்னத் தேடல, நானும் அதத் தேடல."

சரி, அவர் பத்தாம் வகுப்பை மட்டும் எடுத்துக்கொண்டார். மற்ற வகுப்புகளின் கணக்குப் பீரியடுகள் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் சமூக அறிவியலுக்கும் பிரிந்தன. பிரிந்தும் மிஞ்சியதெல்லாம் எங்கே வரும்? மைதானத்துக்கு. என் வேண்டுதல் பலித்த அழகு அதுதான். ஒரே நேரத்தில் ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்பு, எட்டாம் வகுப்பு மூன்றும் வந்து இறங்கும். ஒரு பந்து, நூறு கால். முதல் நாள் சந்தோஷமாக இருந்தேன். இரண்டாம் நாள் விசில் உடைந்தது. அந்த வாரக் கடைசியில், "ஐயா சாமி, ஒரு கணக்கு வாத்தியார் வந்து என் பீரியடப் புடுங்கிட்டுப் போகமாட்டாரா" என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஹெச்.எம். தினமும் வெளியூரிலிருந்து பஸ்ஸில் வருபவர். பாடப் புத்தகத்தில் இருக்கிற க்யூ.ஆர். கோடை ஸ்கேன் செய்து, காதில் வயரை மாட்டிக்கொண்டு, பஸ்ஸிலேயே கணக்குப் படித்தார். கண்ணை மூடி, "சைன் தீட்டா பை காஸ் தீட்டா, டான் தீட்டா" என்று முணுமுணுப்பார். கண்டக்டர் பலவேசம் அதை ஏதோ அம்மன் மந்திரம் என்று நினைத்து, பாதி வழியில் டிக்கெட் கேட்கக்கூட அவரை எழுப்பமாட்டார். எனக்கு இதைச் சொன்னதே பலவேசம்தான். "அம்மாவுக்கு பக்தி ஜாஸ்தி" என்றார். நான் மறுக்கவில்லை.

இந்த இடத்தில் அபிதாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்பில் முதல் பெஞ்ச். அவள் அம்மா அக்கம்மாள்தான் எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி. விடியுமுன் ஜீப் ஏறி, குமுளி தாண்டி ஏலக்காய்த் தோட்டத்துக்குப் பழம் எடுக்கப் போய்விட்டு, பொழுது சாய இறங்குகிறவர். ஜீப்பை ஓட்டுகிறவர் அபிதாவின் சித்தப்பா சங்கிலி. இந்தச் சங்கிலி சாயங்காலம் ஆட்களை இறக்கிவிட்டு எங்கள் கேட்டைத் தாண்டும்போது வண்டியை மெதுவாக்குவார், ஒரு ஹாரன் அடிப்பார், பக்கத்து சீட்டைத் தட்டிக் காட்டுவார். "ஆத்தா அபிதா, பத்தாப்புல கோட்ட விட்டியன்னா ஒனக்கு இங்கன முன் சீட்டு." விளையாட்டுத்தான். ஆனால் அவள் அக்காவுக்கும் இதே விளையாட்டைத்தான் காட்டினார். அந்தப் பெண் கணக்கில் தோற்றுப்போய் இப்போது பின் சீட்டில் போகிறாள். துணைத்தேர்வு இருக்கிறது, உண்மைதான். ஜீப்பில் ஏறிய பிள்ளை துணைத்தேர்வுக்கு இறங்கி நான் பார்த்ததில்லை.

அபிதாவுக்கு மற்ற பாடம் எல்லாம் நன்றாக வரும். கணக்கு மட்டும்தான் பயம். ஆக, அந்த முன் சீட்டுக்கும் அவளுக்கும் நடுவில் இருந்தது ஒரு கணக்கு வாத்தியார், அவரும் போய்விட்டார். இது ஹெச்.எம்.முக்குத் தெரியும். ஹாரன் சத்தம் கேட்டால் அறையில் அவர் பேனா நின்றுவிடும்.

ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார். "சார், பொதுத்தேர்வுல வடிவியலுக்கு எட்டு மார்க்கு, வரைபடத்துக்கு எட்டு மார்க்கு. பதினாறு மார்க்கு கையில வந்துட்டா பாஸாக மிச்சம் கொஞ்சந்தான். வடிவியல நீங்க எடுங்க."

"நானா?"

"கபடிக் கோடு போடுறீக, ரன்னிங் டிராக்கு போடுறீக. வட்டம் போடத் தெரியும்ல?"

தெரியும்தான். எனக்கு ரோஷமும் உண்டு. மறுநாள் பத்தாம் வகுப்பை மைதானத்தில் நிறுத்தி, முளை அடித்து, கயிறு கட்டி, சுண்ணாம்புப் பொடியில் ஒரு பெரிய வட்டம் போட்டேன். வெளியே ஒரு புள்ளி. அந்தப் புள்ளியிலிருந்து வட்டத்துக்குத் தொடுகோடு வரைய வேண்டும். மையத்துக்கும் வெளிப்புள்ளிக்கும் நடுவில் இருக்கிற இடத்தைக் கண்டுபிடித்து, அதிலிருந்து இன்னொரு வட்டம் போட்டால், இரண்டு வட்டமும் வெட்டுகிற இடத்தில் தொடுகோடு வந்துவிடும். நடு இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? கயிற்றை இரண்டாக மடித்தேன். முடிந்தது வேலை. பிள்ளைகள் கை தட்டின. நானும் எனக்குள் கை தட்டிக்கொண்டேன்.

ஹெச்.எம். அதை மாடியிலிருந்து போட்டோ எடுத்துத் தலைமையாசிரியர்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். அங்கேதான் சனி பிடித்தது.

நவம்பர் கடைசியில் தேனியில் தலைமையாசிரியர் கூட்டம். ஆள் பற்றாக்குறைதான் பேச்சு என்று தெரிந்தது. அதோடு, கயிறும் சுண்ணாம்புமாக என்னையும் அழைத்து வரச் சொல்லியிருந்தார்கள். பஸ்ஸில் போகும்போது ஹெச்.எம். சொன்னார்: "ஒரு பள்ளியில பிள்ளைக கொறஞ்சு போயி ஒரு கணக்கு ஆசிரியர் உபரியா இருக்காராம், ஜோஷ்வான்னு. இந்த வருஷம் முடிய மாற்றுப்பணியில யாருக்காவது தருவாக. எப்படியும் கேட்டு வாங்கிட்டு வந்துரணும் சார்."

கூட்டம் நடத்திய அதிகாரியின் பெயரும் பதவியும் வேண்டாம். கெட்டவர் இல்லை. அவர் கையில் ஒவ்வொரு பள்ளியின் கால அட்டவணையும் இருந்தது. கணக்கு ஆசிரியர் இல்லாத பள்ளிகள் பல, உபரி ஆசிரியர் ஒருவர். எந்தப் பள்ளியில் பீரியட் காலியாகக் கிடக்கிறதோ, அந்தப் பள்ளிக்கு முதலில் என்பது அவர் கணக்கு. நியாயம்தானே?

முதலில் எழுந்தவர் பாண்டியம்மாள். மலையடிவாரத்துப் பள்ளி ஹெச்.எம்., உமாதேவியோடு பி.எட். ஒன்றாகப் படித்தவர். "சார், என்னால முடியல. பத்தாப்புப் பிள்ளைக கணக்குப் பீரியட்ல சும்மா ஒக்காந்திருக்குதுக. எனக்கு ராத்திரி தூக்கமில்ல" என்று சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டார். 

அடுத்து எங்கள் பள்ளி. அதிகாரி அட்டவணையைப் புரட்டினார். ஒரு பீரியட்கூடக் காலி இல்லை. கணக்கு: தலைமையாசிரியர். வடிவியல்: உடற்கல்வி ஆசிரியர். எல்லாக் கட்டமும் நிரப்பி, அழகாக நிறம் வேறு அடித்திருந்தார் எங்கள் அம்மா.

"எப்படிம்மா சமாளிக்கிறீங்க?" என்றார் அதிகாரி, உண்மையான ஆச்சரியத்தோடு.

நான் பக்கத்திலிருந்து ஹெச்.எம்.மின் முகத்தைப் பார்த்தேன். சொல்லுங்க மேடம், முடியலைன்னு சொல்லுங்க, ஒரு சொட்டுக் கண்ணீராவது விடுங்க. அவர் எழுந்தார், முதுகை நிமிர்த்தினார். "பாத்துக்கிறேன் சார்" என்றார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அவ்வளவுதான். ஜோஷ்வா பாண்டியம்மாள் பள்ளிக்கு. எங்களுக்குக் கைதட்டல். நான் அந்த அரங்கத்துக்கு வெளியே வெயிலில் சுண்ணாம்பு வட்டம் போட்டுக் காட்டினேன். எல்லோரும் போட்டோ எடுத்தார்கள். உமாதேவிக்கு ஜரிகை வைத்த நீலச் சால்வை ஒன்றைப் போர்த்தினார்கள். வட்டம் போட்டவனுக்கு ஒரு துண்டுகூட இல்லை, அதை விடுங்கள். கணக்கு வாத்தியார் கேட்கப் போனவர் சால்வையோடு பஸ் ஏறினார்.

வீரபாண்டி தாண்டும் வரை ஹெச்.எம். மடியில் இருந்த சால்வையை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். பிறகு, "வாய் வரைக்கும் வந்துச்சு சார். வெளிய வரல" என்றார்.

"வந்திருக்கணும் மேடம்" என்றேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்துதான் போனது. முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"பிள்ளைகளுக்குப் புரியுதே சார். தெனமும் கேக்குறேன். எல்லாரும் புரியுதுன்னுதான் சொல்லுதுக. அந்த அபிதாகூட தலைய ஆட்டுறா. அப்புறம் எப்படி நா முடியலன்னு சொல்றது?"

அந்தச் சத்தத்தை நானே கேட்டிருக்கிறேன். "புரிஞ்சுதா?" என்று அவர் கேட்டதும், "புரிஞ்சுது டீச்சர்" என்று வகுப்பே கூரை பிய்ந்து போகிற மாதிரி சொல்லும்.

டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு நடந்தது. கணக்கு விடைத்தாள் திருத்த எங்களிடம் ஆள் இல்லை, ஆகையால் கட்டுக் கட்டி ஜோஷ்வாவிடம் அனுப்பினோம். இரண்டு நாள் கழித்து அவரிடமிருந்து போன் வந்தது. ஹெச்.எம். ஸ்பீக்கரில் போட்டார்.

"மேடம், ஒரு சந்தேகம். உங்க பிள்ளைங்க பேப்பர் எல்லாம் ஏன் மடிஞ்சு கிடக்கு?"

"மடிஞ்சா?"

"தொடுகோடு கணக்குல மேடம். வில் வெட்டி, மையக்குத்துக்கோடு போட்டு நடுப்புள்ளி எடுக்கணும். ஒருத்தர்கூட வில் போடலை. பேப்பரை ரெண்டா மடிச்சு, மடிப்பு விழுந்த இடத்துல புள்ளி வச்சிருக்காங்க. புள்ளி சரியாத்தான் இருக்கு. மார்க் குடுக்க வழியில்லை."

ஹெச்.எம். என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் வழியாக வாழைத்தோட்டத்தைப் பார்த்தேன். கயிற்றை மடிக்கச் சொல்லிக் கொடுத்தவன் நான். கையில் கயிறு இல்லாத பிள்ளைகள் காகிதத்தை மடித்திருக்கின்றன.

"மத்த கணக்கெல்லாம் சார்?" என்று கேட்டார் ஹெச்.எம்.

 ஜோஷ்வா நல்ல பையன், சொல்லத் தயங்கினார். "கட்டை அனுப்பி வைக்கிறேன் மேடம். நீங்களே பாருங்க."

வகுப்பில் முக்கால்வாசி தோல்வி. அபிதா இருபத்திரண்டு.

விடுமுறைக்கு முந்தின நாள் கடைசிப் பீரியடில் விடைத்தாள்களைக் கொடுக்க ஹெச்.எம். வகுப்புக்குப் போனார். நானும் குற்றவாளி என்ற முறையில் கூடப் போனேன். அவர் திட்டவில்லை. மேஜை மேல் விடைத்தாளை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் வகுப்பில் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் முறை.

"புரியுது புரியுதுன்னு சொன்னீகளேப்பா."

 கடைசி பெஞ்ச் தௌபீக் மட்டும் மூக்கை உறிஞ்சினான்.

"அபிதா, நீ சொல்லு. நா எடுத்தது புரிஞ்சுச்சா இல்லையா?"

அபிதா எழுந்து நின்றாள். "புரியல டீச்சர்."

"எப்பருந்து?"

"மொதல்லருந்தே."

"ஏன்டா கண்ணு சொல்லல?"

அவள் கொஞ்ச நேரம் பாவாடையைத் திருகிக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "நீங்களே மணியடிச்சு, நீங்களே அறிவியலு எடுத்து, ஓடி வந்து கணக்கு எடுக்கிறீக. பஸ்ஸில எல்லாம் படிக்கிறீகன்னு கண்டக்டர் மாமா சொன்னாக. புரியலன்னு சொன்னா நீங்க மறுபடியும் மொதல்லருந்து கஷ்டப்படுவீக. அதான் எல்லாரும் பேசி வச்சு, புரிஞ்சுதுன்னு சொல்லுவோம்னு முடிவு பண்ணுனோம்."

ஹெச்.எம். அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.  இந்தப் பிள்ளைகளுக்கு யார் இதைக் கற்றுக் கொடுத்தது? பாடத்திட்டத்தில் இல்லை. தினமும் எதிரில் நிற்கிறவரைப் பார்த்து அதுகளாகவே படித்துக்கொண்டிருக்கின்றன. தேனியில் நிமிர்ந்து நின்று 'பாத்துக்கிறேன் சார்' என்று சொன்னதும், இங்கே நாற்பது வாயும் சேர்ந்து 'புரிஞ்சுது டீச்சர்' என்று சொன்னதும் ஒரே பொய்தான். ஹெச்.எம். முகத்தைப் பார்த்தால் அவருக்கும் அது எட்டிவிட்டது என்று தெரிந்தது.

வெளியே ஹாரன் சத்தம் கேட்டது. சங்கிலியின் ஜீப்.

ஹெச்.எம். எழுந்து வாசலுக்கு வந்து, அங்கிருந்தே கையை நீட்டினார். "இந்தாப்பா சங்கிலி, இனிமே இந்தக் கேட்டுக்கிட்ட வந்து ஹாரன் அடிச்ச, ஒன் சாவியப் புடுங்கி வாய்க்கால்ல போட்டுருவேன்."

சங்கிலி அரண்டுபோய், "சும்மா வெளாட்டுக்கு டீச்சர்" என்றார்.

"எனக்கு வெளாட்டு இல்ல."

ஜீப்பிலிருந்து அக்கம்மாள் இறங்கி வந்தார். கையெல்லாம் ஏலக்காய் வாசம். விஷயம் கேட்டார். மகளின் மார்க்கைக் கேட்டார். ஹெச்.எம். ஒளிக்காமல் சொன்னார். கூட்டத்தில் நடந்ததையும் சொன்னார்.

அக்கம்மாளுக்குக் கோபம் வந்தது. அது நியாயமான கோபம். "ஏன் டீச்சர், வாயத் தொறந்து இல்லன்னு சொன்னா என்ன கொறஞ்சா போயிருவீக? நீங்க ஒருத்தரு தாங்குவீகன்னா எதுக்கு அவுக இன்னொரு ஆளத் தரப் போறாக?" என்றார். பிறகு குரல் இறங்கி, "மூத்தவளத்தான் ஏத்தி விட்டுட்டேன். இவளயும் என்னால ஏத்த முடியாது டீச்சர்" என்றார்.

அந்த அம்மாளுக்கு 'முடியாது' என்ற சொல் எவ்வளவு சுலபமாக வந்தது என்று நான் ஹெச்.எம்.மைப் பார்த்தேன்.

விடுமுறையில் பள்ளிக்கூடத்துக்குத்தான் பூட்டு, கல்வி அலுவலகத்துக்கு இல்லை. நாங்கள் தேனி போனோம். ஹெச்.எம். கைப்பையில் அந்த நீலச் சால்வை மடித்து இருந்தது. மடித்த விடைத்தாள் கட்டு என் கையில். பஸ்ஸில் முழுக்க அவர் கண்ணை மூடி எதையோ முணுமுணுத்துக்கொண்டே வந்தார். சைன் தீட்டாவாக இருக்கும் என்று நினைத்துக் காதைக் கொடுத்தேன். "என்னால முடியல சார். என்னால முடியல சார்." ஒத்திகை பார்க்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்துவிட்டேன். அவர் கண்ணைத் திறக்காமலே என் கையில் கிள்ளினார்.

அதிகாரி எங்களைப் பார்த்ததும் மலர்ந்தார். "வாங்கம்மா, வட்டம் எப்படிப் போகுது?"

ஹெச்.எம். சால்வையை எடுத்து மேஜை மேல் வைத்தார். "சார், இத வச்சுக்கிட்டு எனக்கொரு கணக்கு ஆசிரியரத் தாங்க."

"என்னம்மா இது?"

"என்னால..." என்று தொடங்கி நின்றுவிட்டார். இரண்டாம் முறையும் தொடங்கி நின்றார்.  நூறு மீட்டர் ஓட்டத்தில் பிள்ளை கடைசிக் கோட்டுக்கு முன்னால் தடுமாறும்போது எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது. விசில் இருந்தால் ஊதியிருப்பேன்.

"என்னால முடியல சார்" என்றார் மூன்றாம் முறை. "கட்டமெல்லாம் நெரப்பி வச்சிருக்கேன், ஆனா பாடம் நடக்கல. எனக்குக் கணக்கு வராது. நானும் சமாளிச்சேன், பிள்ளைகளும் சமாளிச்சுதுக. இது அதுக மார்க்கு." அழவில்லை. ஆனால் நாற்காலியின் கையை இறுகப் பிடித்திருந்தார்.

அதிகாரி விடைத்தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். மடிப்புகளைத் தடவிப் பார்த்தார். முதலில் சிரித்தார். பிறகு மார்க்கைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். "இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார்.

"அன்னைக்கு எனக்குச் சொல்லத் தெரியல சார்."

அவர் பாண்டியம்மாளுக்குப் போன் போட்டு, ஜோஷ்வாவை எங்களுக்கும் சில நாள் அனுப்ப முடியுமா என்று கேட்டார். ஸ்பீக்கரில் அந்த அம்மாளின் குரல் அறை முழுக்க வந்தது. "அவ பள்ளிக்கூடத்துலதான் எல்லாம் நல்லா நடக்குதே சார், சால்வையெல்லாம் போட்டீகளே."

"பாண்டி, நாந்தான்டி உமா. பக்கத்துல இருக்கேன். என்னால முடியலடி."

 "நீயா சொல்ற?" என்றார் பாண்டியம்மாள். "பி.எட். படிக்கையில காய்ச்சலோட டீச்சிங் பிராக்டீஸ் போனவ நீ." பெருமூச்சு விட்டார். "சரி. வாரத்துல வியாழன், வெள்ளி ரெண்டு நாளு ஜோஷ்வாவ அனுப்புறேன். நல்லபடியாத் திருப்பி அனுப்பணும். உன் ஆளுக அவருக்குக் கயிறு மடிக்கச் சொல்லிக் குடுத்துரக் கூடாது."

அந்தக் கடைசி வாக்கியம் எனக்கு. நான் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். அதிகாரி மாற்றுப்பணி ஆணையைத் தட்டச்சு செய்யச் சொன்னார். சால்வையை எங்கள் பக்கமே தள்ளினார்.

ஜனவரியில் ஜோஷ்வா வந்தார். மெலிந்த உடம்பு, பழைய பைக், பையில் காம்பஸ். கேட்டிலேயே அக்கம்மாள் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு நின்று, அந்த நீலச் சால்வையை அவருக்குப் போர்த்தினார். மனிதர் கூச்சத்தில் நெளிந்தார். சால்வை கடைசியில் போக வேண்டிய தோளுக்குப் போய்ச் சேர்ந்தது என்று நான் சொன்னேன். ஹெச்.எம். சிரித்தார். அவர் அப்படிச் சிரித்துப் பல மாதம் ஆகியிருந்தது.

முதல் வகுப்பு. ஜோஷ்வா திரிகோணமிதியைத் தொடங்கினார். ஹெச்.எம். வராந்தாவில் தூணுக்குப் பின்னால் நின்றார், நான் அவருக்குப் பின்னால். கால் மணி நேரம் ஆனதும் ஜோஷ்வா கேட்டார்: "புரிஞ்சுதா?"

வகுப்பு வழக்கம்போல வாயைத் திறந்தது. திறந்த வாயோடு எல்லோரும் அபிதாவைப் பார்த்தார்கள். அவள் கையைத் தூக்கினாள்.

"புரியல சார்."

ஜோஷ்வா மறுபடி சொன்னார். "இப்ப?"

"இன்னும் புரியல சார்." பின்னாலிருந்து தௌபீக், "எனக்கும் புரியல" என்றான். அப்புறம் ஒன்று, இரண்டு என்று வகுப்பே கையைத் தூக்கிவிட்டது. ஜோஷ்வா கரும்பலகையை முழுக்க அழித்துவிட்டு முக்கோணத்திலிருந்து தொடங்கினார்.

ஹெச்.எம். தூணில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதார். சந்தோஷத்தில்தான். "கேட்டீகளா சார், புரியலயாம்" என்றார். நான் வேறு பக்கம் திரும்பி, மைதானத்தில் யாரும் இல்லாதபோதே விசில் ஊதினேன்.

பிப்ரவரி முழுக்க என் பீரியடுகள் பத்தாம் வகுப்புக் கணக்குக்குப் போயின. ஜோஷ்வா வாசலில் வந்து, "பி.டி. சார், இன்னைக்கு ஒரு நாள் மட்டும்" என்று தொடங்குமுன்னே, "எடுத்துக்கங்க, எடுத்துக்கங்க" என்று நானே பிள்ளைகளை உள்ளே விரட்டுவேன்.

மே மாதம் முடிவு வந்தது. எங்களுக்கு நூறு சதவீதம் இல்லை. இரண்டு பேர் கணக்கில் போய்விட்டார்கள், ஹெச்.எம். ஜோஷ்வாவை நச்சரித்து அவர்களைத் துணைத்தேர்வுக்குத் தயார் செய்யவைத்தார். அபிதா கணக்கில் ஐம்பத்து மூன்று. தொடுகோட்டுக்கு எட்டுக்கு எட்டு வாங்கியிருப்பாள் என்று அடித்துச் சொல்வேன், யாரும் நம்ப வேண்டாம். சின்னமனூரில் பதினோராம் வகுப்பு சேர்ந்துவிட்டாள். சங்கிலியின் முன் சீட்டில் இப்போது ஒரு ஏலக்காய் மூட்டை உட்கார்ந்து போகிறது.

ஜூன் மாதம் பள்ளி திறந்த வாரம் எங்கள் ஆங்கில ஆசிரியருக்கு மாறுதல் வந்தது. அன்று மத்தியானம் தேனி அலுவலகத்திலிருந்து போன். நான் எதிரில் வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். "கலந்தாய்வு தள்ளிப் போகுதும்மா. கொஞ்ச நாள் நீங்களே சமாளிச்சுக்குவீங்கல்ல?" என்று கேட்டது எனக்கே காதில் விழுந்தது.

உமாதேவி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.  அந்த நிமிர்வு எனக்குத் தெரியும்.

"முடியாது சார்" என்றார். "ஆள் வர்ற வரைக்கும் அட்டவணையில அந்தக் கட்டத்தைக் காலியாத்தான் விடப் போறேன்."

போனை வைத்தார்.  ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். பிறகு பத்தாம் வகுப்புப் பிள்ளை மாதிரி என்னைப் பார்த்தார்.

"சரியாச் சொன்னேனா சார்?"

"சரிதான் மேடம்" என்றேன். "இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லியிருக்கலாம்."